ஒரே வீடு, ஒரே 12 சதவீதம், இரண்டு ஷீட்டில் இரண்டு விடை

வளவுக்காரன் (கானாடுகாத்தான்)

எங்கள் பூர்வீக வீட்டில் ஆறு பங்காளிகள். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரைக்கும் பழுது பார்த்து, எட்டு அறை எடுத்து, விருந்தினர் விடுதியாக நடத்தலாம் என்று பேச்சு. பங்காளிகளுக்குள் எழுதிக்கொள்வது 15 வருடத்துக்கு மட்டும். அதன் பிறகு வீடு பழையபடி பொதுவில் வந்துவிடும். அதனால் கடைசியில் விற்றுக் கிடைக்கும் தொகை என்று எதுவும் கணக்கில் இல்லை.

செலவு 1 கோடி. சம்பளம், கரண்ட், ஏஜென்ட் கமிஷன், வரி எல்லாம் போக வருடத்துக்குக் கையில் நிற்பது 14.5 லட்சம். இந்தப் பணத்தை வேறு இடத்தில் போட்டால் 12 சதவீதம் கிடைக்கும் என்று பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். இதுவரைக்கும் சண்டை இல்லை.

வரப்போகும் பணத்தையெல்லாம் 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்கு இறக்கி, செலவைக் கழித்து, காரைக்குடி ஆடிட்டர் ஆபீசில் போட்ட ஷீட் இப்படி:

```
=NPV(0.12, C3:C17) + C2
```

விடை 1.24 லட்சம் மைனஸ். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன், வருமானம் தினம் தினம் வருவதால் தொடர் கூட்டுவட்டிதான் சரி என்று சொல்லி, ஒவ்வொரு வருடத்துக்கும் இதைப் போட்டான்:

```
=14.5*(EXP(-0.12*(A3-1))-EXP(-0.12*A3))/0.12
```

விடை 86 ஆயிரம் பிளஸ். இப்போது மூன்று பங்காளி அந்தப் பக்கம், மூன்று பங்காளி இந்தப் பக்கம். ஒரு கோடி ரூபாய் வேலையில் இரண்டு லட்சம் வித்தியாசம் பெரிதில்லைதான். ஆனால் கூட்டலா கழித்தலா என்பதே மாறுகிறதே. எது சரி?

தேவகோட்டை வாத்தியார்

முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி போட்டதுதான் சரி. வட்டியை வருடத்துக்கு ஒரு தடவை சேர்ப்பது நம் வசதிக்கு வைத்துக்கொண்டது. அரை வருடம், மாதம், நாள், நிமிடம் என்று சேர்க்கும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் வந்து நிற்கும் இடம் e என்ற எண், ஷீட்டில் EXP. யாக்கோப் பெர்னூலி 1683-லேயே இந்த வட்டிக் கேள்வியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். வருட வட்டி அதற்கு ஒரு தோராயம். துல்லியமானது இருக்கும்போது தோராயம் எதற்கு?

கணக்குப்பிள்ளை (காரைக்குடி)

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். இருபது வருடமாக பேங்குக்கு பிராஜக்ட் ரிப்போர்ட் போட்டுக் கொடுக்கிறேன். எந்த மேனேஜரும் என்னிடம் e கேட்டதில்லை. ஒரு வட்டிக்கு விட்டு மாதாமாதம் அசலோடு சேர்த்தால் வருடத்துக்கு 12.68. ஒவ்வொரு நொடியும் சேர்த்தாலும் 12.75. ஏழு பைசா வித்தியாசத்துக்கு எதற்கு இந்த வித்தை? அதெல்லாம் ஷேர் மார்க்கெட்டில் ஆப்ஷன் விலை போடுகிறவர்களுக்கு. கட்டடத்துக்கு வருட வட்டி போதும்.

பூக்கல் (ஆத்தங்குடி)

நான் கல் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் பேங்க்கில் 12 சதவீதம் என்று கடன் கொடுத்தார்கள். கட்டி முடிக்கும்போது பார்த்தால் 12-க்கு மேல் போய்விட்டது. அதைத்தான் தம்பி கேட்கிறார் என்று நினைக்கிறேன். மாதா மாதம் வட்டி போடுகிறார்கள், ஜாக்கிரதை.

வளவுக்காரன்

அண்ணே, நாங்கள் கடனே வாங்கவில்லை. ஆறு பேரும் கைக்காசு போடுகிறோம்.

பள்ளத்தூர் மீனா

சென்னையில் இருபத்திரண்டு வருடம் பிராஜக்ட் கடன் மதிப்பீட்டில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். இந்தச் சண்டையை வேறு வேறு வீட்டுக்காகப் பல தடவை பார்த்தாயிற்று.

முதலில் பூக்கல் தம்பிக்கு. நீங்கள் சொல்வது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, ஆனால் உண்மை. 2002 ஏப்ரலிலிருந்து பேங்குகள் மாதா மாதம் வட்டியை அசலில் ஏற்றுகின்றன. அதனால் பத்திரத்தில் எழுதிய 12 கையில் 12.68 ஆகிறது. இதை மனதில் வையுங்கள், கீழே வேலைக்கு வரும்.

இப்போது வளவுக்காரர் கேட்டது. தம்பி ஷீட்டில் ஒரு மாற்றம் இல்லை, இரண்டு மாற்றம் இருக்கிறது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. அதனால்தான் விடைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

ஒன்று, வட்டி விகிதத்தின் பொருள் மாறிவிட்டது. பெரியவர்கள் சொன்ன 12, "நூறு போட்டால் வருடம் திரும்பும்போது நூற்றுப் பன்னிரண்டு" என்ற 12. அதையே e-யின் தலையில், அதாவது அடுக்கில், வைத்தால் நூறு, நூற்றுப் பன்னிரண்டே முக்கால் ஆகிறது. யாருமே சொல்லாத 12.75 உள்ளே நுழைந்துவிட்டது. வருடக் கடைசியில் 112 வர வேண்டும் என்றால் e-யின் தலையில் வைக்க வேண்டியது LN(1.12), அதாவது 11.33 சதவீதம். அப்படி வைத்தால் முதல் வருடம், ஐந்தாம் வருடம், பதினைந்தாம் வருடம், எந்த வருடக் கடைசியிலும் இரண்டு ஃபாக்டரும், அதாவது அன்று வரும் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பும், ஒன்றேதான், தசமம் பிசகாது. வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும். சரியாக மாற்றிப் போட்டால் இங்கே ஒன்று துல்லியம் மற்றது தோராயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே தூரத்தை மைலில் சொல்வதும் கிலோமீட்டரில் சொல்வதும் போலத்தான்.

இரண்டு, பணம் வரும் நேரம் மாறிவிட்டது. ஆடிட்டர் ஷீட்டில் வருடம் முழுக்க வந்த வாடகையும் கடைசி நாள் மொத்தமாகக் கல்லாவில் விழுகிறது. NPV அப்படித்தான் செய்யும், அதற்கு வேறு தெரியாது. தம்பி ஷீட்டில் ஒவ்வொரு நாளும் விழுகிறது. இது நிஜமான வித்தியாசம். சராசரியாக ஒவ்வொரு ரூபாயும் அரை வருடம் முன்னால் வருகிறது. 12 சதவீதத்தில் அரை வருடம் என்பது கிட்டத்தட்ட ஆறு சதவீதம். சரியாகச் சொன்னால் 5.9.

ஆக, கணக்குப்பிள்ளை சொன்ன ஏழு பைசா சரி. ஆனால் அது வட்டியை எத்தனை தடவை சேர்க்கிறோம் என்பதில் வரும் வித்தியாசம். பணம் எப்போது வருகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த இரண்டாவதை அவர் பார்க்கவே இல்லை.

நாலு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். வருடக் கடைசி வரவு, சரியான 12: 1.24 லட்சம் மைனஸ். வருடக் கடைசி வரவு, e-யின் தலையில் 12: 5.07 லட்சம் மைனஸ். தினசரி வரவு, e-யின் தலையில் 12: 0.86 பிளஸ், இதுதான் தம்பியுடையது. தினசரி வரவு, LN(1.12): 4.57 லட்சம் பிளஸ்.

சிங்கப்பூர் தம்பி

அண்ணன் லிங்க் அனுப்பினார். மீனா ஆச்சி, LN விஷயம் ஒத்துக்கொள்கிறேன். என் பக்கம் கையெழுத்துப் போடும் ரேட் எல்லாம் தொடர் ரேட்டாகவே வரும். பழக்க தோஷத்தில் அப்படியே எடுத்துவிட்டேன். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் என் முடிவு இன்னும் பலமாகிறது, 4.57 லட்சம் பிளஸ். அப்படியானால் வேலையை ஆரம்பிக்கலாம் அல்லவா?

பள்ளத்தூர் மீனா

அவசரப்படாதீர்கள் தம்பி. அதற்கு முன் ஒரு சோதனை சொல்லித் தருகிறேன், யார் கொடுத்த ஷீட்டையும் இதை வைத்துப் பிடிக்கலாம்.

இரண்டு ஷீட்டிலும் ஃபாக்டர் காலம்னை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிசைக்கு வரிசை வகுத்துப் பாருங்கள். நேரம் மட்டும் மாறியிருந்தால் விகிதம் எல்லா வரிசையிலும் ஒரே எண்ணாக நிற்கும். இங்கே 1.0589, முதல் வருடமும் அதே, பதினைந்தாம் வருடமும் அதே. விகிதம் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே போனால் ரேட்டின் பொருள் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் ஷீட்டில் முதல் வருடம் 1.055 என்று ஆரம்பிக்கிறது. வருடத்துக்கு 0.66 சதவீதம் தேய்கிறது. ஒன்பதாம் வருடம் ஆடிட்டருடையது 0.3606, உங்களுடையது 0.3608, சமம் என்றே சொல்லலாம். பதினைந்தாம் வருடம் 0.961-க்கு இறங்கிவிட்டது. முன்பாதியில் கூட்டிக் கொடுத்து, பின்பாதியில் பிடுங்கிக்கொள்கிறது. எட்டு வருட ஒப்பந்தமாக இருந்திருந்தால் உங்கள் ஷீட் ஆடிட்டருடையதை விட இரண்டரை லட்சம் கூடக் காட்டியிருக்கும். முப்பது வருடமாக இருந்தால் அந்த வித்தியாசம் முக்கால் லட்சத்துக்குச் சுருங்கியிருக்கும். பதினைந்து வருடத்தில் ஒரு தப்பு மற்ற வித்தியாசத்தில் பெரும்பகுதியை மறைத்துவிட்டது.

தேவகோட்டை வாத்தியார்

வகுத்துப் பார்த்தேன். அப்படியே வருகிறது. மைல், கிலோமீட்டர் உவமையையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பணம் ஓடை மாதிரி வரும்போது ஓடைக்குரிய கணக்கு தொகையீடுதான், கூட்டல் இல்லை என்ற என் கட்சியை விடமாட்டேன்.

பள்ளத்தூர் மீனா

விட வேண்டாம் ஐயா, அது சரிதான். ஆனால் ஓடை ஒரே சீராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கானாடுகாத்தானில் விடுதி நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாதவாரியாக எப்படி?

ஆல்வீடு (கானாடுகாத்தான்)

நான் ஐந்து அறை வைத்து நடத்துகிறேன். தீபாவளி கழிந்ததும் சூடு பிடிக்கும். டிசம்பர், ஜனவரி அறை கிடைக்காது. தை மாதக் கல்யாணம் வந்தால் முற்றம் உட்பட மொத்த வீட்டையும் கேட்பார்கள். மார்ச் கடைசியில் வெயில் ஏறியதும் படுத்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் வருவார்கள். என் நோட்டில் அக்டோபர் முதல் மார்ச் வரை ரூபாய்க்கு எழுபது பைசா. மீதி ஆறு மாதம் முப்பது பைசா. ஏப்ரல், மே மாதங்களில் சம்பளம் கொடுக்க நான் கையை விட்டுப் போட்டதும் உண்டு.

இன்னொன்று, ஏஜென்ட் மூலம் வருகிற பணம் விருந்தாளி போய் ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்துத்தான் வரும். தினம் தினம் பணம் வருகிறது என்று சிங்கப்பூர்த் தம்பி சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேன்.

பள்ளத்தூர் மீனா

இதைத்தான் எதிர்பார்த்தேன், ஆச்சி. எழுபதும் முப்பதும் என்றால் எந்த மாதம் திறக்கிறீர்கள் என்பது பேசும். அக்டோபர் முதல் தேதி திறந்தால் பணத்தின் சராசரி நாள் திறந்த நாளிலிருந்து 0.4 வருடம். ஏப்ரலில் திறந்தால் 0.6 வருடம். சீரான ஓடை என்றால் 0.5.

அக்டோபர் திறப்பு என்றால் 15 வருட வரவின் மதிப்பு 105.71 லட்சம். ஏப்ரல் திறப்பு என்றால் 103.34. தம்பியின் திருத்திய ஷீட் சொல்வது 104.57, இரண்டுக்கும் நடுவில். ஆடிட்டருடையது 98.76. ஆக, e-யா வருடமா என்ற சண்டையை விட, திறப்பு விழாவுக்கு எந்த மாதம் நாள் பார்ப்பது என்பதே இரண்டரை லட்சம் வரை நகர்த்துகிறது. ஏஜென்ட் தாமதத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை.

இனி அடுத்த பக்கம். வளவுக்காரரே, அந்த ஒரு கோடி எப்போது, எப்படிப் போகிறது? இரண்டு ஷீட்டிலும் திறந்த நாளன்று மொத்தமாகப் போகிறதே, அது நிஜமா?

வளவுக்காரன்

இல்லை ஆச்சி. மேஸ்திரி 18 மாதம் கேட்கிறார். ஓட்டுக்கூரை பிரிக்க வேண்டும், தேக்கு மரம் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுக்குத் தெரிந்த ஆள் நாலு பேர்தான், அவர்களையும் முன்பணம் கொடுத்துத்தான் நிறுத்தி வைக்க முடியும். ஆரம்பத்தில் 30 லட்சம், ஒன்பதாம் மாதம் 40, முடிக்கும்போது 30.

பள்ளத்தூர் மீனா

அப்படியானால் பிளஸ் போய்விட்டது.

திறந்த நாளை வைத்துப் பாருங்கள். ஒன்றரை வருடம் முன்னால் போட்ட 30 லட்சம் அன்றைக்கு 35.56 லட்சம் பெறும். ஒன்பது மாதம் முன்னால் போட்ட 40 லட்சம் 43.55 பெறும். கடைசி 30 அப்படியே. மொத்தம் 109.11 லட்சம். அக்டோபர் திறப்பின் 105.71-லிருந்து கழித்தால் 3.40 லட்சம் மைனஸ். ஏப்ரல் திறப்பு என்றால் 5.77 மைனஸ்.

பிராஜக்ட் ஷீட்களில் நான் அதிகமாகப் பார்த்த கோளாறு இதுதான். வரவை மட்டும் வருடம் முழுக்கப் பரப்பி அரை வருடம் முன்னால் இழுத்துக்கொள்வார்கள். செலவை மட்டும் திறந்த நாளில் ஒரே புள்ளியாக நிறுத்திவிடுவார்கள். வரவுக்கு ஒரு நியாயம் செலவுக்கு ஒரு நியாயமா? ஆடிட்டர் ஷீட்டிலும் செலவு அப்படித்தான் நிற்கிறது, ஆனால் அங்கே வரவும் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் தப்பும் தப்பும் கொஞ்சம் சமனாகி விடை நிஜத்துக்கு அருகில் நிற்கிறது. அது ஆடிட்டரின் கெட்டிக்காரத்தனம் இல்லை.

கணக்குப்பிள்ளை

கடைசி வரி கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. பரவாயில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 12-ஐ 13 என்று வைத்தால் உங்கள் அரை வருடக் கணக்கெல்லாம் என்ன ஆகும்? பெரியவர்கள் 12 என்று சொன்னது வாயில் வந்த எண்தானே.

பள்ளத்தூர் மீனா

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 13 வைத்தால் ஆடிட்டர் ஷீட்டின் 98.76 லட்சம் 93.70 ஆகிறது. ஐந்து லட்சம் போச்சு. வருடக் கடைசியிலிருந்து தினசரிக்கு மாறியதில் கிடைத்தது 5.8 லட்சம். ஆக ரேட்டில் ஒரு சதவீதம் தடுமாறுவதும் நேரத்தில் அரை வருடம் தடுமாறுவதும் ஏறக்குறைய ஒரே எடை. ரேட்டைப் பற்றி ஒரு மாலை முழுக்கச் சண்டை போடுகிறவர்கள், நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. 12-ஆ 13-ஆ என்பது கருத்து. மேஸ்திரிக்கு எந்த மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்த விஷயம். தெரிந்ததைத் தப்பாகப் போடக் காரணம் இல்லை.

சிங்கப்பூர் தம்பி

அப்படியானால் என் ஆபீசில் இந்தப் பிரச்சினை ஏன் வருவதே இல்லை?

பள்ளத்தூர் மீனா

ரேட் குறைவு, தம்பி. நீங்கள் 4 சதவீதத்தில் வேலை செய்தால் நேர வித்தியாசம் 2 சதவீதம்தான், மதிப்பீட்டின் மற்றத் தடுமாற்றங்களுக்குள் மறைந்துவிடும். 12-ல் ஆறு. பூக்கல் தம்பி மாதிரி பட்டறைக்காரர்கள் வெளியில் வாங்குகிற ரெண்டு வட்டி, அதாவது வருடத்துக்கு 24, அதில் பதினொன்றரை. ரேட்டில் பாதி என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

அதோடு, இந்த ஆறு சதவீதம் எதன் மேல் விழுகிறது என்றும் பாருங்கள். அது மொத்த வரவின் மேல், நூறு லட்சத்தின் மேல் விழுகிறது. உங்கள் விடையோ பிளஸோ மைனஸோ சில லட்சம்தான். முப்பது லட்சம் மிஞ்சுகிற திட்டமாக இருந்தால் இந்த இழையே வந்திருக்காது. ஒரே மாதிரி வரவு செலவு உள்ள இரண்டு வீட்டில் எது மேல் என்று பார்க்கவும் இது தேவையில்லை, இரண்டும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். நூலிழையில் நிற்கும் திட்டத்திலும், முதலில் பெரிய செலவு பிறகு நீண்ட வரவு என்ற திட்டத்திலும்தான் இது முடிவையே மாற்றும். உங்களுடையது இரண்டும்.

ஆல்வீடு

குறுக்கே வருகிறேன். 14.5 லட்சம் பதினைந்து வருடமும் ஏறவே ஏறாதா? நான் 2016-ல் வாங்கிய வாடகையையா இப்போது வாங்குகிறேன்? வட்டியில் விலைவாசி ஏறியிருக்கிறது, வாடகையில் ஏறவில்லையே.

வளவுக்காரன்

ஆடிட்டர் ஆபீசில் கேட்டேன் ஆச்சி. வாடகை ஏறுகிற அளவுக்கு ஓடு மாற்றுவது, வெள்ளையடிப்பது, சம்பளம் எல்லாம் ஏறும், மிஞ்சுவது அதேதான் என்றார்கள்.

ஆல்வீடு

எனக்கு அப்படி இல்லை. ஆனால் என் வீட்டில் மூன்றாம் கட்டு இடிந்து கிடக்கிறது, அதைத் தொடவே இல்லை. அதையும் பராமரித்தால் ஒருவேளை நீங்கள் சொல்வது போல ஆகலாம்.

பள்ளத்தூர் மீனா

இந்தக் கேள்வி நாம் இதுவரை பேசியதை எல்லாம் விடப் பெரியது. மிஞ்சுவது வருடத்துக்கு இரண்டு சதவீதம் ஏறினாலே மைனஸ் காணாமல் போய்விடும். அதற்கு e-யிடம் பதில் இல்லை, ஆச்சியின் நோட்டிலும் மேஸ்திரியிடமும்தான் இருக்கிறது. பங்காளிகள் உட்கார்ந்து பேச வேண்டியது அதை.

கணக்கு முறைக்கு வருவோம். e-யும் வேண்டாம், NPV-யும் வேண்டாம். ஒரு காலம்னில் தேதி, பக்கத்தில் தொகை. மேஸ்திரிக்குக் கொடுக்கும் முதல் பணத்திலிருந்து ஆரம்பித்து, வரவை மாதாமாதம் எழுபது முப்பது பிரித்து எழுதுங்கள். பிறகு:

```
=XNPV(0.12, B2:B184, A2:A184)
```

இது 12-ஐ வருடக் கடைசி 12 என்றே எடுத்துக்கொண்டு, நாள் எண்ணிக்கையை 365-ஆல் வகுத்து அடுக்கில் வைக்கும். ஆடிட்டரின் ரேட், தம்பியின் நேரம், இரண்டும் சேர்ந்து வந்துவிடும். ஒரே எச்சரிக்கை, முதல் வரிசைத் தேதிதான் எல்லாவற்றுக்கும் முந்தியதாக இருக்க வேண்டும். திறப்பு நாளை முதல் வரிசையில் வைத்து அதற்கு முந்திய செலவைக் கீழே எழுதினால் #NUM! என்று நிற்கும். பலபேர் அதைப் பார்த்துப் பயந்து, செலவுத் தேதிகளை எல்லாம் திறப்பு நாளுக்கு மாற்றிவிடுவார்கள். திரும்பவும் பழைய கோளாறுதான்.

வளவுக்காரன்

போட்டேன். 183 வரிசையில் முடிந்தது. அக்டோபர் திறப்பு. மூணேகால் லட்சம் மைனஸ் வருகிறது. உங்கள் 3.40-லிருந்து ஏன் மாறுகிறது?

பள்ளத்தூர் மீனா

வரவை மாதக் கடைசித் தேதியில் எழுதியிருப்பீர்கள், அதனால் அரை மாதம் பின்தங்கும், மைனஸ் கொஞ்சம் கூடும். மறுபக்கம் நான் சொன்னது திறப்பு நாள் மதிப்பு, XNPV சொல்வது வேலை தொடங்கும் நாள் மதிப்பு. ஒன்றரை வருடம் முன்னால் கொண்டுவந்தால் தொகை சுருங்கும். என் 3.40 அங்கே 2.87. ஏஜென்ட் தாமதத்தையும் சேர்க்க வேண்டியிருப்பதால் மாதக் கடைசியே இருக்கட்டும்.

பங்காளிகளிடம் மைனஸ் என்று மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு குறைகிறது என்று சொல்லுங்கள். என் கணக்கில் அக்டோபர் திறப்புக்கு 14.5 பதிலாக 14.97 லட்சம் மிஞ்சினால் கணக்கு நேராகிவிடும். வருடத்துக்கு 47 ஆயிரம். ஓர் அறையில் ஓர் இரவுக்குச் செலவு போக மூவாயிரம் நிற்கும் என்றால் எட்டு அறைக்கும் சேர்த்து வருடத்துக்குப் பதினாறு இரவு. மாதக் கடைசிக் கணக்கில் இன்னும் இரண்டு மூன்று இரவு.

சிங்கப்பூர் தம்பி

பதினாறு இரவுக்காகவா பெரியப்பா என்னோடு இரண்டு வாரமாகப் பேசவில்லை?

கணக்குப்பிள்ளை

செலவைப் பின்னால் தள்ளினால் அந்தப் பதினாறு இரவும் வேண்டாமே. ஆரம்பத்தில் கொடுக்கும் 30 லட்சத்தில் தரைக்கல்லுக்கு மட்டும் எவ்வளவு?

வளவுக்காரன்

நாலு லட்சம். கல் பதிப்பது கடைசி வேலைதான். ஒன்பது மாதம் தள்ளலாம்.

பள்ளத்தூர் மீனா

தள்ளினால் திறப்பு நாள் மதிப்பில் உங்களுக்கு மிச்சம் 38 ஆயிரத்து 600.

பூக்கல்

இவ்வளவு நேரம் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். தரைக்கல் என்றதும் வந்துவிட்டேன். பட்டறையில் ஆர்டர் எடுத்தால் சிமெண்ட், கலர் எல்லாம் நான்தான் முன்னால் வாங்கிப் போட வேண்டும். ஒவ்வொரு கல்லும் கையால் கண்ணாடி மேல் ஊற்றி, தண்ணீரில் போட்டு, வெயிலில் காயவைத்து எடுப்பது. அட்வான்ஸ் தராவிட்டால் நாலு லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்குவேன். ஒன்பது மாதத்துக்கு 72 ஆயிரம். உங்களுக்கு 38 மிச்சம் பண்ண எனக்கு 72 செலவா? அதைக் கல் விலையில்தானே ஏற்றுவேன்.

பள்ளத்தூர் மீனா

வளவுக்காரரே, கேட்டுக்கொண்டீர்களா? உங்கள் பணத்தின் விலை 12, அவர் பணத்தின் விலை 24. அட்வான்ஸை முன்னாலேயே கொடுத்துவிட்டு விலையில் 50 ஆயிரம் குறைக்கச் சொல்லுங்கள். தள்ளுவதை விட உங்களுக்கு லாபம், அவருக்கும் 22 ஆயிரம் மிச்சம்.

பூக்கல்

ஐம்பதா? நாற்பதென்றால் வெள்ளிக்கிழமை வீட்டுப் பக்கம் வந்து அளவெடுக்கிறேன்.